அழைப்பு வந்த நாளா, விண்ணப்பித்த நாளா?

கேள்வி: என் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இன்னும் நாலு மாசத்தில் காலாவதி ஆகிறது. கனடா பி.ஆர். ப்ரொஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் இன்விடேஷன் வந்துவிட்டால் போதுமா, இல்லை மறுபடி எழுதணுமா?

போதாது. பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வருகிற அன்று மதிப்பெண் உயிரோடு இருக்க வேண்டும். அதன் பிறகு நீங்கள் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்கிற அன்றும் உயிரோடு இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நாளை மறந்ததால்தான் 2019இல் என் விண்ணப்பம் போனது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நான் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் எழுதியது 2017 மே 13. எல்லோரும் சொல்வதுபோல, "முதலில் தேர்வை முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது" என்று நினைத்தேன். கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் அது 9. அந்த மகிழ்ச்சியில் மற்ற காகிதங்களை ஆற அமரத் தேடினேன். கல்வி மதிப்பீட்டு அறிக்கைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மூடிய உறையில் மதிப்பெண் பட்டியல் போக வேண்டும். அதற்கு அலைந்து, அலுவலக வேலையில் சில மாதம் மறந்து, திரும்பத் தொடங்கி, அறிக்கை கைக்கு வரும்போது 2019 ஏப்ரல் ஆகிவிட்டது. உடனே ப்ரொஃபைல் போட்டேன். வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து எனக்கு 453 புள்ளி. மே 1ஆம் தேதி அழைப்புச் சுற்றில் கட்-ஆஃப் 450. அழைப்பு வந்தது.

அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாள். அதாவது ஜூன் 30 வரை. எனக்கு உதவிய ஆலோசகரிடம் நான் கேட்கவும் செய்தேன்: "சார், ஸ்கோர் இந்த மாசத்தோட முடியுதே, பரவாயில்லையா?" அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "இன்விடேஷன் வந்த அன்னிக்கு வேலிடா இருந்தா போதும் சார். அதுக்கப்புறம் எல்லாமே லாக் ஆயிடும்." நான் நம்பினேன். நான் முன்பு வேலை பார்த்த இன்னொரு நாட்டிலிருந்து காவல்துறைச் சான்று வர ஜூன் முதல் வாரம் ஆனது. ஜூன் 12 அன்று எல்லாவற்றையும் ஏற்றிச் சமர்ப்பித்தேன்.

நவம்பரில் மறுப்புக் கடிதம். விண்ணப்பித்த நாளில் என் மொழித் தேர்வு முடிவு 2 ஆண்டைத் தாண்டிவிட்டது என்பதுதான் காரணம். வேறு ஒரு குறையும் இல்லை.

அன்று இரவு அந்த ஐஇஎல்டிஎஸ் தாளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு தேதி இருக்கும், உங்கள் தாளிலும் பாருங்கள். மேலே இருப்பது தேர்வு எழுதிய நாள். கீழே, கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இருப்பது முடிவு வெளியான நாள். என் தாளில் 26/05/2017. கனடா குடிவரவுத் துறை 2 ஆண்டை எண்ணுவது முடிவு வெளியான நாளிலிருந்து. எனக்கு உண்மையில் இருந்தது 60 நாள் அல்ல, மே 1 முதல் 25 வரை வெறும் 25 நாள். அந்தத் தாள் இரண்டு வருடமாக என் கோப்பில்தான் இருந்தது. ஒரு முறைகூடக் கீழே இருக்கும் தேதியை நான் படிக்கவில்லை.

"ஏஜென்ட் மேல் பழி போட்டுத் தப்பிக்கிறார், விதியை நீங்களே படித்திருக்க வேண்டாமா" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். படித்திருக்க வேண்டும்தான். ஆனால் காசு கொடுத்து ஒருவரிடம் நேராகக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் நாலு மாதத்துக்கு வருகிறேன். "அழைப்பு வந்தபின் தேவைப்பட்டால் எழுதிக்கொள்ளலாம்" என்றுதான் நீங்கள் யோசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். அழைப்பு வந்தபின் புதிய தேர்வு எழுதினால் புதிய மதிப்பெண்ணை வைத்துத்தான் உங்கள் புள்ளி பார்க்கப்படும். அது அந்தச் சுற்றின் கட்-ஆஃபுக்குக் கீழே இறங்கினால் அழைப்பு இருந்தும் பயனில்லை. எவ்வளவு இறங்கும் என்பதை என் கணக்கிலேயே போட்டுக் காட்டுகிறேன். திருமணமாகாதவன், முதுகலைப் பட்டம், 3 ஆண்டுக்கு மேல் வெளிநாட்டு வேலை அனுபவம். எழுத்துப் பகுதி மட்டும் 7இலிருந்து 6.5 ஆகிறது என்று வையுங்கள். எழுத்துக்கான புள்ளி 31இலிருந்து 23. இதில் 8 போனது. நாலு திறனிலும் சிஎல்பி 9 இருந்தால்தான் படிப்போடும் அனுபவத்தோடும் சேர்த்துக் கிடைக்கும் கூடுதல் புள்ளி தலா 50. ஒன்றில் தவறினாலும் இரண்டும் 25, 25 ஆகிவிடும். ஆக மொத்தம் 58 புள்ளி. என் 453, அரை மதிப்பெண்ணில் 395 ஆகியிருக்கும்.

அப்படி இறங்கிவிட்டால் அழைப்பை நீங்களே மறுத்துவிட வேண்டும். மறுத்தால் ப்ரொஃபைல் திரும்பவும் அழைப்புக்குக் காத்திருப்போர் தொகுப்புக்குப் போகும். பேசாமல் 60 நாளை ஓட விட்டால் அழைப்பு காலாவதியாகி, புது ப்ரொஃபைல் போட வேண்டிவரும்.

ஆகவே எழுதுவதாக இருந்தால் இப்போதே, அழைப்பு வரும் முன்பே எழுதுங்கள். நிறையப் பேருக்கு ஒரு பயம் உண்டு: புதிய தேர்வில் குறைந்துவிட்டால் பழையது ரத்தாகிவிடுமோ என்று. ஆகாது. பழைய தாள் அதன் 2 ஆண்டு முடியும் வரை செல்லும். புதியதில் கூடினால் ப்ரொஃபைலில் மாற்றுங்கள். குறைந்தால் பழையதே இருக்கட்டும், இன்னொரு முறை எழுத உங்களுக்கு இன்னும் காலம் இருக்கும். கடைசி மாதத்தில் எழுதினால்தான் இந்த வசதி இல்லாமல் போகிறது.

காலம் கணக்கிடும்போது மறுமதிப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 மறுப்புக்குப் பிறகு நான் மறுபடி எழுதப்போனேன். அதற்கு ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அங்கே எழுத்துப் பகுதிக்கு ஐந்து கட்டுரை மாதிரிகளைக் கொடுத்து அப்படியே மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒன்றே. என்னோடு இருந்தவர்கள் பலர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்கள். தங்கள் மனதில் இருப்பதை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள். அந்த மாதிரிகளைப் பழகிய பிறகு அவர்கள் எழுத்து செத்துப் போனது. திருத்துபவருக்கு மனப்பாட வரி கண்ணில் பட்டுவிடும். எட்டு வாரம் பணம் வாங்கிக்கொண்டு, ஒரு கட்டுரையையாவது உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருக்கலாம். எனக்கு எழுத்தில் 6.5 வந்தது. தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம், கேட்டேன். 7 ஆனது, கட்டணமும் திரும்ப வந்தது. ஆனால் அந்த முடிவு வர எனக்கு 5 வாரம் ஆனது. இப்போது கணினித் தேர்வில் மதிப்பெண் சில நாளிலேயே வந்துவிடுகிறது, மறுமதிப்பீடும் அந்த அளவு இழுப்பதில்லை. என்றாலும் ஒரு தேர்வு, ஒரு மறுமதிப்பீடு, தேவையானால் இரண்டாவது தேர்வு என்று மூன்றுக்கும் இடம் விட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். உங்கள் நாலு மாதத்துக்குள் இது அடங்கும், இந்த மாதமே பதிவு செய்தால்.

நான் செய்த பெரிய தவறு காகிதங்களின் வரிசை. கல்வி மதிப்பீட்டு அறிக்கை 5 ஆண்டு செல்லும், ஆனால் வர மாதக்கணக்கில் ஆகும். மொழித் தேர்வு 2 ஆண்டுதான் செல்லும், சில நாளில் வந்துவிடும். நான் சீக்கிரம் கெடுவதை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவாக வருவதற்குக் காத்திருந்தேன். காவல்துறைச் சான்றிலும் இதே கதைதான். இப்போது வசிக்கும் நாட்டின் சான்று, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஆனால் முன்பு வசித்துவிட்டு வந்த நாட்டின் சான்று, அங்கிருந்து கிளம்பிய பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். அது எனக்குத் தெரிந்திருந்தால் 2018இலேயே வாங்கி உள்ளே வைத்திருப்பேன். மே 25க்குள் விண்ணப்பித்தும் இருப்பேன்.

படிக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் கணக்கு வேறு. டோஃபல் மதிப்பெண் தேர்வு நாளிலிருந்து 2 ஆண்டு. அதன் பிறகு அதை நடத்துபவர்களே பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மாட்டார்கள். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பக் கடைசி நாளில் செல்லுபடியாக இருந்தால் போதும் என்று சொல்லும், சில வகுப்பு தொடங்கும் நாளில் இருக்க வேண்டும் என்று சொல்லும். சேர்க்கைக் கடிதம் கிடைத்தபின் விசாவுக்குத் தனியாக இன்னொரு முறை தேதி பார்க்கப்படலாம். ஜெர்மன் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம்: கோதே ஜெர்மன் மொழிச் சான்றிதழுக்குக் காலாவதி தேதியே கிடையாது, ஆனால் அதை வாங்கிப் பார்க்கிற இடம் "ஒரு வருஷத்துக்குள் எழுதியது வேண்டும்" என்று கேட்கலாம். சான்றிதழில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைவிட, கேட்கிறவர் எந்த நாளில் நின்று எண்ணுகிறார் என்பதைப் பாருங்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்திலேயே பதில் வாங்கி வையுங்கள்.

என் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுப்பு வந்த நேரத்தில் எனக்கு 33 முடிந்திருந்தது. வயதுக்கான புள்ளி 94இலிருந்து 88. மொத்தம் 447. அந்த நவம்பரில் கட்-ஆஃப் 470க்கு மேல். மே மாதம் 3 புள்ளி மேலே இருந்தவன் 20 புள்ளிக்கு மேல் கீழே இருந்தேன். கடைசியில் கனடாவின் ஒரு மாகாணமே என்னைத் தேர்ந்தெடுக்கும் மாகாண நியமனம் கிடைத்து, அதன் 600 புள்ளியில்தான் உள்ளே வர முடிந்தது. இரண்டாவது அழைப்பு வந்தபோது எல்லாக் காகிதமும் கையில் இருந்தது. ஒன்பதாம் நாள் சமர்ப்பித்தேன். சமர்ப்பிக்கும் முன் தாளின் கீழே இருந்த தேதியை மூன்று முறை படித்தேன்.