ஒவ்வொரு ரெட்ரோவிலும் அதே புகார்

"ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் 'ரெக்வயர்மென்ட் நடுவுல மாறுது'ங்கிற அதே புகார்தான். ரெட்ரோவை எப்படி நடத்துறது?"

அடுத்த ரெட்ரோவில் புதுப் புகார் எதுவும் எழுதச் சொல்லாதீங்க. முதல் 10 நிமிடம், போன முறை எடுத்த முடிவு என்ன ஆச்சுன்னு மட்டும் பாருங்க. "கம்யூனிகேஷனை மேம்படுத்தணும்" என்று ஆள் பெயரே இல்லாமல் எழுதியிருந்தால், அது நடந்திருக்காது.

பிறகு, ஸ்பிரிண்ட் தொடங்கியபின் மாறிய டிக்கெட்டுகளைத் திறந்து, யார் கேட்டு, எந்த நாளில் மாறியதுன்னு ஹிஸ்டரியில் பாருங்க. ஐந்தில் நான்கு, அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா இல்லாமலே பிளானிங்கில் நுழைந்தவை என்று வைத்துக்கொள்வோம். அப்போ முடிவு ஒன்றே போதும்: அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா எழுதாத டிக்கெட் ஸ்பிரிண்டுக்குள் வராது. பிளானிங்கில் அப்படிப்பட்ட டிக்கெட்டைத் தடுத்து நிறுத்துபவர் யார் என்று பெயரோடு குறித்து வையுங்க.

மாற்றம் டீமுக்கு வெளியிலிருந்து வந்தால் ரெட்ரோவில் தீராது. மாறிய டிக்கெட்டுகளின் பட்டியலோடு ப்ராடக்ட் ஓனரிடம் போங்க.