கறிவேப்பிலைப் புழுவை ஸ்லைடிலிருந்து படக்கதைக்கு இறக்குவது: கேள்வி பதில்

அக்கா, கறிவேப்பிலைச் செடியில் வரும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி பற்றி மூன்றாம் வகுப்புக்கு 14 ஸ்லைடு செய்திருக்கிறேன். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு அதையே படக்கதையாக்க, ஸ்லைடுக்கு ஒரு பக்கம் போதுமா?

போதாது. ஸ்லைடு தலைப்புப்படி போகும், கதை நாள்படி போகும். உங்களிடம் ‘உருமறைப்பு’ ஒரு ஸ்லைடு, ‘தற்காப்பு’ இன்னொரு ஸ்லைடு. பிள்ளைக்கு இரண்டும் ஒரே புழுவுக்கு நடப்பவை. 24 பக்கப் புத்தகத்தில் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போக இரட்டைப் பக்கம் பத்துதான் தேறும். பரவல் வரைபடத்தையும் அறிவியல் பெயரையும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் ஐந்தாம் ஸ்லைடில், “இளம்புழு பறவை எச்சம் போல் தோன்றி எதிரிகளிடமிருந்து தப்பும்” என்று இருக்கிறது. நான் இப்படி எழுதுவேன்:

இலைமேல் என்ன?
காக்கா எச்சமா?
கொஞ்சம் பொறு...
அட, நகருதே!

வரிக்கு இரண்டு தட்டு. கை தட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள், இடறினால் அந்த வரியை மாற்றுங்கள். பழுப்பில் வெள்ளைத் திட்டு என்று நிறம் சொல்லவில்லை பாருங்கள், அது படத்தின் வேலை. ஏமாந்த குருவியைப் போல முதலில் பிள்ளையும் ஏமாற வேண்டும்.

எல்லா வரியும் எதுகையில் முடிந்தால்தானே சந்தம் வரும்? நான் எழுதியது: “முட்டையிலிருந்து புழு வந்தது, மொட்டைத் தலையோடு சிரித்தது.”

வரியின் கடைசியில் ஒத்து வருவது இயைபு. எதுகை இரண்டாம் எழுத்தில் வரும், முட்டை-மொட்டை மாதிரி. அது உங்களுக்கு நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆனால் எதுகைக்காகப் புழு மொட்டையாகி, சிரிக்கவும் தொடங்கிவிட்டதே! முட்டையை விட்டு வந்ததும் அது நிஜமாகச் செய்வது இதைவிட வேடிக்கை:

முட்டை உடையுது, குட்டிப்புழு வருது.
முதல் சாப்பாடு?
முட்டை ஓடு!

புழு தோல் உரிப்பதை ஒரே பக்கத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் “கூடு கட்டித் தூங்கியது” என்று போகலாமா?

இந்தக் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தோல் உரிப்பது திரும்பத் திரும்ப நடப்பது. பாட்டிலும் பல்லவி திரும்பத் திரும்ப வரும். இரண்டையும் சேர்த்துவிடுங்கள்:

கறுக் முறுக், இலை காலி.
சட்டை இறுகுது, சட்டை கிழியுது.
உள்ளே பார்,
புதுச் சட்டை!

புழுவாகவே நான்கு முறை சட்டை மாற்றும். நான்குக்கும் தனிப் பக்கம் கொடுத்தால் அலுத்துவிடும். முதல் முறை முழுதாக வரட்டும், இரண்டும் மூன்றும் ஒரே பக்கத்தில் சிறு படங்களாகப் போகட்டும், நான்காவதில் “பச்சைச் சட்டை!” என்று நிறுத்துங்கள். எச்ச வேஷம் கலைந்து, புழு இலையின் நிறத்துக்கு வருவது அப்போதுதான்.

ஐந்தாம் முறை பல்லவியை உடையுங்கள். இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு புழு அசையாமல் நிற்கும். பிள்ளைகள் “புதுச் சட்டை” என்று கத்தக் காத்திருப்பார்கள்.

உள்ளே பார்,
காலைக் காணோம்!
தலையைக் காணோம்!

கூட்டுப்புழு கட்டப்படுவதில்லை, கடைசித் தோலுக்கு அடியிலிருந்து வெளிப்படுகிறது. பட்டுப்புழு நூல் சுற்றிக் கூடு கட்டுவதைப் பார்த்து எல்லாப் புழுவுக்கும் அதையே எழுதிவிடுகிறோம். என் புத்தகம் ஒன்றில் ஓவியர் பட்டுக்கூட்டையே வரைந்துவிட்டார். நான் எழுதியிருந்ததே “கூட்டுக்குள் போனது” என்றுதான். அவரை என்ன சொல்ல?

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையை இந்தப் புழு மொட்டையடித்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்? தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக ரெண்டு கொம்பு நீட்டுகிறது, ஒரே நாற்றம்.

அம்மா, இலையைச் சமையலுக்குப் பறிக்கிறீர்கள், மருந்து வேண்டாம். எலுமிச்சையோ நாரத்தையோ இருந்தால் புழுவை அதற்கு மாற்றிவிடுங்கள், அதையும் தின்னும். எறும்பு, சிலந்தி வந்தால் விரட்டத்தான் அந்தக் கொம்பு, மற்ற நேரம் உள்ளேயே மடங்கியிருக்கும். 14 ஸ்லைடுக்காரரே, உங்கள் ‘தற்காப்பு’ப் பக்கத்தை அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார்:

யார் தொட்டது?
டபக்!
சிவப்புக் கொம்பு.
சீச்சீ, நாத்தம்!

புழு என்றால் பிள்ளைகள் அருவருப்பார்கள். கம்பளிப்பூச்சி என்று போடலாமே? அப்புறம் “நகருதே”, “நாத்தம்” எல்லாம் பள்ளியில் ஏற்பார்களா?

கம்பளிப்பூச்சிக்கு உடம்பெல்லாம் முடி இருக்கும், பட்டால் அரிக்கும். இதற்கு முடி இல்லை, தொடலாம். புழு என்றே இருக்கட்டும்.

பேச்சு வழக்கில் எனக்கே இரண்டு மனசு. “நகர்கிறதே” என்று போட்டால் தட்டு ஒன்று கூடி, வரி நொண்டுகிறது. ஒரு பள்ளியில் இதற்காகவே என் பிரதியைத் திருப்பினார்கள். இன்னொரு இடத்தில் ஆசிரியர் அப்படியே வாசித்தார், பிள்ளைகள் கூடவே கத்தினார்கள். வினைச்சொல்லே இல்லாமல் சில வரிகளைத் தப்பிக்க வைக்கலாம், “முதல் சாப்பாடு? முட்டை ஓடு!” மாதிரி. எல்லா வரிக்கும் அது சரிப்படவில்லை.

அக்கா, 14 ஸ்லைடுக்காரன்தான். கடைசிப் பக்கம் “பறந்தது பட்டாம்பூச்சி” என்று வைத்துவிட்டேன், சரியா?

ஒரு பக்கம் முந்திவிட்டீர்கள். வெளியே வந்ததும் அதனால் பறக்க முடியாது. சிறகு கசங்கி ஈரமாக இருக்கும். தொங்கிக்கொண்டே சிறகுக்குள் உடம்பு நீரை ஏற்றி விரித்து, உலரும்வரை காத்திருக்கும். எச்சப் பக்கத்து “கொஞ்சம் பொறு” இங்கே திரும்பி வரட்டும்:

சிறகு ஈரம், சிறகு சுருக்கம்.
கொஞ்சம் பொறு...
இன்னும் பொறு...

பறப்பதைப் பக்கம் திருப்பிய பிறகு, எழுத்தே இல்லாமல் ஓவியரிடம் விட்டுவிடுங்கள்.