சீனாவிலிருந்து வாரம் ஒரு ஆர்டர் போடுகிறோம். பின்னால் போட்டது முன்னால் வந்துவிடுகிறது. சேஃப்டி ஸ்டாக் கணக்கு சரியாக வருமா?

வழக்கமான சூத்திரத்தைப் போட்டால் தேவைக்கு அதிகமாகக் காட்டும். ஒரு ஆர்டர் இன்னொன்றை முந்தாது என்று வைத்துக்கொண்டு எழுதிய சூத்திரம் அது.

நாலே ஆர்டரில் இதைப் பார்த்துவிடலாம். 1, 2, 3, 4-ம் வாரங்களில் தலா 100 பேரிங் கேட்கிறீர்கள். முதல் கன்டெய்னர் நடுவில் கப்பல் மாறும் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் தங்கி, 8 வாரம் எடுக்கிறது. இரண்டாவது 5, மூன்றாவது 7, நேரடிக் கப்பலில் ஏறிய நான்காவது 4 வாரம். பி.ஓ. எண்படி பார்த்தால் லீட் டைம் சராசரி 6 வாரம், திட்ட விலக்கம் ஏறக்குறைய 1.6 வாரம். இப்போது கோடவுன் வாசலில் நின்று பாருங்கள். 7, 8, 9, 10-ம் வாரங்களில் வாரத்துக்கு ஒரு லோடு இறங்கியிருக்கிறது. எல்லாம் ஒரே பேரிங்தான், எந்த பி.ஓ.வில் வந்தது என்று வாங்குகிறவர் கேட்கப்போவதில்லை. முதலில் வந்ததை முதல் ஆர்டரோடும், அடுத்து வந்ததை அடுத்த ஆர்டரோடும் சேர்த்தால் எல்லா லீட் டைமும் 6. சராசரி மாறவில்லை, விலக்கம் மட்டும் பூஜ்யமாகிவிட்டது.

நிஜத்தில் இவ்வளவு அழகாக அமையாது. லீட் டைம் 4 முதல் 8 வாரம் வரை, ஐந்துக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அதன் மாறுபாடு 2. அடுத்தடுத்த இரண்டு ஆர்டரில் பின்னது முந்த 24% வாய்ப்பு உண்டு. சரக்கு இருப்பைப் பாதிப்பது ஒரு தனி ஆர்டரின் தாமதம் அல்ல, ஒரே சமயத்தில் எத்தனை ஆர்டர் வராமல் நிற்கிறது என்பதுதான். 4, 5, 6, 7 வாரத்துக்கு முன் போட்டவை இன்னும் வராதிருக்க வாய்ப்பு முறையே 0.8, 0.6, 0.4, 0.2. ஒவ்வொன்றையும் (1 − அது) என்பதால் பெருக்கிக் கூட்டினால் 0.8 வரும். சூத்திரத்தில் 2 இருந்த இடத்தில் நிற்க வேண்டியது இந்த 0.8.

வார விற்பனை 100, விலக்கம் 30, வாரம் ஒருமுறை ஆர்டர், 95% சேவை நிலை (z = 1.645) என்றால்:

```
வழக்கமாக:  1.645 × √(7×30² + 100²×2)   ≈ 267
முந்துதலோடு: 1.645 × √(7×30² + 100²×0.8) ≈ 197
```

(7 என்பது 6 வார லீட் டைமும் அடுத்த ஆர்டர் வரையிலான 1 வாரமும்.) வித்தியாசம் 70 பேரிங், கால் பங்குக்கு மேல்.

உங்கள் சொந்தத் தரவில் இதை எடுக்க, எக்செலில் ஆர்டர் தேதியை A பத்தியில் ஏறுவரிசையிலும் வந்த தேதியை B-யிலும் போட்டு, C2-ல் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=(SMALL(B$2:B$53,ROW()-1)-A2)/7
```

C பத்தியின் திட்ட விலக்கத்தை வர்க்கப்படுத்தி, 0.8 இருந்த இடத்தில் போடுங்கள். இன்னும் வராத ஆர்டர்களின் வரிசையை வெட்டினால் ஜோடி தப்பாகச் சேரும், B-யை மட்டும் காலியாக விட்டு, C-யின் கடைசியில் #NUM! காட்டும் கட்டங்களை அழித்துவிடுங்கள். ஆர்டர் அளவு ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குகிறது என்றால் இந்த ஜோடி முறை சரிப்படாது. ஒவ்வொரு திங்களும் ஆர்டர் போட்டு முடித்தவுடன் வர வேண்டிய மொத்த எண்ணிக்கையைக் குறித்து, அந்த வார விற்பனையைக் கூட்டி, அந்தத் தொகையின் விலக்கத்தை நேராக எடுங்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான், அனுமானம் குறைவு.

மாதம் ஒருமுறை ஆர்டர் போடுகிறவருக்கு இந்த லாபம் கிடையாது. 4 வார இடைவெளியில், 4 வாரமே அகலமுள்ள லீட் டைம் முந்த இடம் தராது. தாமதங்கள் சேர்ந்தே நடந்தாலும் அப்படித்தான்: துறைமுகம் முழுக்க நெரிசல் என்றால் எல்லாக் கன்டெய்னரும் ஒன்றாகத் தாமதமாகும், யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். மேலே சொன்ன 0.8 தாமதங்கள் ஒன்றையொன்று சாராதபோது மட்டுமே செல்லும். அதனால்தான் கணக்கைவிடச் சொந்தத் தரவை நம்பச் சொல்கிறேன். குறிப்பிட்ட வாடிக்கையாளருக்கென்றே வரவழைக்கும் சரக்குக்கும் பழைய கணக்கே சரி, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கொடுக்க முடியாதே.

இன்னொரு தலைவலி மென்பொருளில் வரும். முதல் பி.ஓ. தேதி தாண்டியதும், சரக்குத் தேவையைத் திட்டமிடும் எம்.ஆர்.பி. மென்பொருள் சிவப்பு எச்சரிக்கை போடும். பின்னால் போட்டது ஏற்கெனவே வந்து இடத்தை நிரப்பியிருப்பதை அது கவனிக்காது. பர்ச்சேஸில் இருப்பவர் பதறி விமானத்தில் அவசர சரக்கு வரவழைப்பார், அல்லது அந்த பி.ஓ.வை ரத்து செய்ததாக நினைத்து மறுபடி ஆர்டர் போடுவார். மூன்று வாரம் கழித்து இரண்டும் வந்து சேரும். எச்சரிக்கையை பி.ஓ. வாரியாக வைக்காமல், இன்றைய தேதிக்குள் வந்திருக்க வேண்டிய மொத்தத்துக்கும் வந்த மொத்தத்துக்கும் உள்ள இடைவெளியில் வையுங்கள்.