கையெழுத்துக்கு முன்னால்

அன்புள்ள அம்மா,

எனக்கு 68 வயது. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் ஐந்து மாதங்களுக்கு முன் தமது 75-ஆம் வயதில் காலமானார். வங்கிக்கு நான் தனியாகப் போனதே இல்லை. அவருடைய ஓய்வூதியம் இன்னும் அவர் கணக்கில்தான் வருகிறது. பெரிய மகன் ஏ.டி.எம். கார்டில் எடுத்துத் தருகிறான். வீடு அவர் சம்பாதித்துக் கட்டியது. உயில் எழுதவில்லை. மாமியார் உயிருடன் இல்லை. இரண்டு மகன்கள், ஒரு மகள். வீட்டைப் பெரியவன் பெயருக்கு மாற்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். துக்கம் ஆறுவதற்குள் பணத்தைப் பற்றி யோசிப்பது கூச்சமாக இருக்கிறது. அடுத்த மாதம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். போகலாமா என்றும் தெரியவில்லை.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

அன்புள்ள அம்மா,

முதலில் பத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியவற்றுள் திரும்பப் பெற முடியாதது அது ஒன்றுதான். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்து அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். உங்கள் மாமியார் இல்லாததால் வாரிசுகள் நால்வர். வீட்டில் நான்கில் ஒரு பாகம் உங்களுடையது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு ஆயுள்காலம் வரை அனுபவிக்கும் உரிமையை மட்டுமே தந்தது. விருப்பப்படி விற்கவோ எழுதிவைக்கவோ அவரால் முடியாது. 1956-க்குப் பிறகு அந்தப் பாகம் முழு உரிமையுள்ள சொத்து. (கிறித்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, இசுலாமியக் குடும்பங்களில் எட்டில் ஒரு பங்கு என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.)

விடுதலைப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திட்டுப் பதிவு செய்த அன்றே, அந்த நான்கில் ஒரு பாகம் உங்களை விட்டுப் போய்விடும். மகன் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு ஏதேனும் நேர்ந்தாலோ, வீட்டை அடமானம் வைக்க வேண்டி வந்தாலோ, நீங்கள் இருக்கும் அறைக்குச் சட்டப்படியான பிடிமானம் எதுவும் உங்களிடம் இருக்காது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23-இன் கீழ், பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைத் தீர்ப்பாயம் மூலம் மீட்கலாம் என்று பலர் நம்பிக்கையூட்டுவார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மகள்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்த ஒரு தாய் அதை ரத்து செய்யக் கேட்டிருந்தார். பராமரிப்பு நிபந்தனையின் பேரில்தான் எழுதிக்கொடுத்தார் என்பது காட்டப்படாததால் அவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு அதே பிரிவை மூத்தவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படித்தது. ஆனாலும் வயதான காலத்தில் தீர்ப்பாயத்துக்கு அலைந்து மீட்க வேண்டிய ஒன்றை முதலிலேயே கைவிடாமல் இருப்பதே நல்லது.

பாகம் பிரிக்கக் காலக்கெடு ஏதும் இல்லை. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றலாம். வீடு ஒரே பெயரில் இருந்தால்தான் வசதி என்று பிள்ளைகள் சொன்னால், மூவரும் தங்கள் பாகங்களை உங்களுக்கு விடுதலை செய்து தரட்டும். உங்கள் காலத்துக்குப் பின் யாருக்கு என்பதை நீங்கள் உயிலில் எழுதலாம், உயிலை உயிருள்ளவரை மாற்றவும் முடியும். இந்த யோசனையை உங்கள் மகள் முன்னிலையில் சொல்லுங்கள். அவருக்கும் மகன்களுக்கு இணையான பாகம் உண்டு என்பதை, கல்யாணத்தில் செய்த சீரைக் காட்டி மறக்கடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

அடுத்து ஓய்வூதியம். கணவர் இறந்த நாளோடு அவருடைய ஓய்வூதியம் முடிந்து, மறுநாள் முதல் உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்குகிறது. அவர் கணக்கில் அதன் பிறகு விழுந்த பணம் அரசு திருப்பிக் கேட்கும் பணம்; அதை அவருடைய கார்டில் எடுப்பது வங்கி விதிகளுக்குப் புறம்பானது. அவருடைய அடிப்படை ஓய்வூதியம் மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது கடைசி ஊதியத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் அதே ஊதியத்தில் 30 சதவீதம், அதாவது 18,000 ரூபாய். (பணியில் இருக்கும்போதோ ஓய்வு பெற்ற சில ஆண்டுகளிலோ இறந்தவர்களின் குடும்பத்துக்குக் குறிப்பிட்ட காலம் வரை கூடுதல் விகிதம் உண்டு, 75 வயதில் இறந்தவர் விஷயத்தில் அது பொருந்தாது.) மாதத்துக்கு 12,000 வீதம் ஐந்து மாதங்களில் 60,000 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது, அகவிலைப்படியைச் சேர்த்தால் இன்னும் அதிகம். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் இந்தத் தொகை வளரும். ஆகவே இந்த வாரமே மகனை அழைத்துக்கொண்டு கருவூலத்துக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழ், ஓய்வூதியக் கொடுப்பாணைப் புத்தகம், உங்கள் ஆதார், பான், உங்கள் பெயரில் மட்டும் தொடங்கிய வங்கிக் கணக்கின் பாஸ்புக் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு அவரிடம் மாதச் சந்தா பிடிக்கப்பட்டிருந்தால், அதிலிருந்து 50,000 ரூபாய் வர வேண்டும். அதற்கான விண்ணப்பத்தையும் அங்கேயே கேளுங்கள்.

இனி வரவு ஐந்தில் மூன்று பங்குதான். மின்கட்டணமும் சொத்துவரியும் அப்படிக் குறையாது என்பதால், அவர் பெயரில் வங்கி வைப்புத்தொகைகள் இருந்தால், யார் கேட்டாலும் அவற்றை இப்போது உடைக்காதீர்கள். அவற்றில் நீங்கள் நாமினியாக இருந்தாலும், வங்கி வைப்பைப் பொறுத்தவரை நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெறுபவர்தான். பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. இதை முன்பே அறிந்திருந்தால் பிறகு மனஸ்தாபம் வராது.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஸ்கூட் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1999-இல், துணையை இழந்தவர்கள் இழப்பை நினைத்து உருகுவதற்கும் அன்றாட வாழ்க்கையைத் திருத்தியமைப்பதற்கும் இடையே மாறி மாறிப் போய் வருவதாகவும், அந்த இரண்டும் சேர்ந்ததே துக்கம் என்றும் விளக்கினார்கள். நான் பேசிய பெண்கள் பலரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்: காலையில் படிவம் நிரப்பிய அதே கை மாலையில் அவர் சட்டையை மடிக்க முடியாமல் நின்றுவிடும். இதில் துரோகம் ஏதும் இல்லை. ஆனால் சாப்பாடு, தூக்கம், சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ போடும் மாத்திரை ஆகியவை வாரக்கணக்கில் தவறிக்கொண்டே இருந்தாலோ, நாமும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, அதைத் துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

கல்யாணத்துக்குப் போங்கள். 2023-இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பெண் விதவை என்பதால் கோயிலுக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை சட்டத்தின் ஆட்சிக்கு முரணானது என்று கூறி அவர் திருவிழாவில் கலந்துகொள்ளப் பாதுகாப்பளிக்கச் சொன்னது. திருமண மண்டபத்தில் நீதிமன்றம் வந்து நிற்காது. அங்கே முன்வரிசை யாருக்கு என்பதை வீட்டுப் பெரியவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் உங்கள் தங்கையிடம் இப்போதே பேசுங்கள். மணமகளுக்கு அட்சதை போடவும் ஆசீர்வதிக்கவும் பெரியம்மாவாகிய உங்களை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அன்றைக்கு யாரும் உங்களிடம் விளக்கம் கேட்க இடமிருக்காது. அவர் தயங்கினால், கல்யாணப் பெண்ணிடம் நேராகக் கேளுங்கள்.

அன்புடன்.