மூன்றில் இரண்டு பங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மறுமலர்ச்சிக்கு முந்தைய இத்தாலிய ஓவியர்களுக்கு, தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பதுகூடவா தெரியாது? ஃபிளாரன்ஸ் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி கண்ணாடி வைத்துச் செய்த சோதனைதான் எல்லாவற்றையும் மாற்றியது என்கிறார்கள். அதை விளக்குவீர்களா? எல்லாமே அரபு அறிஞர்களிடமிருந்து வந்தது என்றும் படித்தேன். நான் இப்போதுதான் வரையப் பழகுகிறேன். தரையில் கட்டம் போடும்போது ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போகிறேன். சுலபமாக இருக்கிறது, பார்க்கவும் சரியாகத்தான் இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. 1435இல் இத்தாலிய அறிஞர் லியோன் பட்டிஸ்டா ஆல்பெர்ட்டி ஓவியக்கலை பற்றி எழுதிய நூலில், இதே மூன்றில் இரண்டு பங்குக் கணக்கைப் போடுகிறவர்களைக் கண்டிக்கிறார். கிட்டத்தட்ட 600 வருடம் ஆகிறது. நீங்கள் இன்னும் அதையே போட்டுவிட்டு ‘சுலபமாக இருக்கிறது’ என்கிறீர்கள். சுலபமாகத்தான் இருக்கும், கண் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாமே!

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய ஓவியர்களுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. சியனா நகரத்து அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1344இல் வரைந்த ‘மங்கள வார்த்தை’ ஓவியத்தில் தரைக் கட்டங்களின் பக்கக் கோடுகள் ஒரே புள்ளியை நோக்கித்தான் போகின்றன. ஆகவே கோடுகளைக் குவிப்பது பெரிய ரகசியம் இல்லை. அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் ஒளியும் பார்வையும் பற்றி எழுதியது லத்தீன் வழியாக ஐரோப்பாவில் படிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது கண் எப்படிப் பார்க்கிறது என்ற ஆராய்ச்சி, பலகையில் எப்படி வரைவது என்ற பாடம் இல்லை. யாருக்குப் பெருமை என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

புருனெல்லெஸ்கி, ஃபிளாரன்ஸ் பேராலயத்து வாசலுக்குள் நின்று பார்த்தால் எதிரே தெரியும் ஞானஸ்நானக் கோயிலை, ஏறத்தாழ அரை முழப் பலகையில் வரைந்தார். பலகையில் ஒரு துளை போட்டு, பின்பக்கத்திலிருந்து அதில் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைப் பார்க்க வைத்தார். நிஜத்தைப் பார்ப்பதுபோலவே இருந்ததாம். அந்தப் பலகை இன்று இல்லை. அவருடைய வாழ்க்கையை எழுதிய மனெட்டி, அதை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறாரே தவிர, எப்படி வரைந்தார் என்று சொல்லவில்லை. வரைகிறவருக்குக் கையில் கிடைத்த முதல் செய்முறை ஆல்பெர்ட்டியுடையதுதான். அதனால் ஸ்கேலை எடுங்கள்.

24 செ.மீ. அகலத்துக்கு ஒரு செவ்வகம். அடிக்கோட்டை 4 செ.மீ. வீதம் ஆறாகப் பிரியுங்கள். அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் கண்மட்டக் கோடு, அதன் நடுவில் கோடுகளெல்லாம் போய்ச் சேரும் மறையும் புள்ளி. அடிக்கோட்டில் வைத்த புள்ளிகள் எல்லாவற்றையும் மறையும் புள்ளியோடு சேர்த்துவிடுங்கள். லோரென்செட்டிக்கும் தெரிந்த பகுதி இதோடு சரி. குறுக்குக்கோடுகளை எங்கெங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

இன்னொரு தாள் எடுங்கள். ஒரு தரைக்கோடு போட்டு, அதன் இடது முனைக்கு நேர் மேலே 12 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அது பார்ப்பவருடைய கண். கண்ணிலிருந்து 24 செ.மீ. தள்ளி ஒரு செங்குத்துக்கோடு. அதுதான் உங்கள் படம், பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கோடு. அதற்கு அப்பால் தரைக்கோட்டில் 4 செ.மீ.க்கு ஒரு புள்ளியாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணுக்குக் கோடு இழுங்கள். அந்தக் கோடுகள் செங்குத்துக்கோட்டை வெட்டும் உயரங்கள்தான் குறுக்குக்கோடுகளின் உயரங்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறத்தாழ 1.71, 3, 4, 4.8, 5.45, 6 செ.மீ. வரும். அப்படியே முதல் தாளுக்கு மாற்றுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. முதல் வரிசை அதே 1.71. அடுத்தது 1.14, பிறகு 0.76, 0.51, 0.34, 0.23. ஆறு வரிசை முடிந்ததும் 4.69 செ.மீ.யில் நிற்கிறீர்கள். ஆயிரம் வரிசை போட்டாலும் உங்கள் தரை 5.14 செ.மீ.யைத் தாண்டாது, கண்மட்டமோ 12இல் இருக்கிறது! அடிவானம் வரை போகவேண்டிய தரை பாதிக்கும் கீழேயே முட்டி நின்றுவிடுகிறது. காரணம், அடுத்தடுத்த வரிசைகளின் விகிதம் மாறாமல் இருப்பதில்லை. நம் படத்தில் அது 0.75, 0.78, 0.8 என்று ஏறிக்கொண்டே போய் ஒன்றை நெருங்குகிறது. தூரம் போகப் போகக் குறைவதன் வேகமும் குறையும். ஒரே விகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால், ஒவ்வொரு வரிசைக்கும் கண்ணை நகர்த்தி வைத்துப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

‘பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது’ என்கிறீர்கள். நான் நம்பமாட்டேன். ஆல்பெர்ட்டியே பரிசோதனையும் சொல்லிவிட்டார், மூலைவிட்டம். கீழ் இடது மூலையிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு கட்டத்தையும் மூலைக்கு மூலை கடந்து போங்கள். சரியான தரையில் அது ஒரே நேர்கோடு. நம் படத்தில் மூன்றாவது கட்டத்தின் முடிவில் மறையும் புள்ளிக்கு நேர் கீழே 4 செ.மீ. உயரத்தில் இருக்கும். அப்படியே நீட்டினால், கண்மட்டக் கோட்டில் மறையும் புள்ளிக்கு 24 செ.மீ. வலப்பக்கம் போய்ச் சேரும். அந்த 24தான் கண்ணுக்கும் படத்துக்கும் உள்ள தூரம். உங்கள் தரையில் அதே கோடு ஆரம்பத்தில் சரியாக ஏறி, போகப் போகத் தரையோடு படுத்துவிடும். போட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ளாமல்.

இவ்வளவு ஏன் மல்லுக்கட்டுகிறேன் என்றால், கட்டம் வெறும் அலங்காரம் இல்லை, அதுதான் அளவுகோல். ஆல்பெர்ட்டி ஒரு மனிதனின் உயரத்தை மூன்று முழமாகக் கொள்கிறார். ஒரு கட்டம் ஒரு முழம், கண்மட்டம் அந்த மனிதனின் தலையளவு. நம் படத்தில் 4 செ.மீ. உயரத்தில் உள்ள குறுக்குக்கோட்டில் ஒருவனை நிற்க வையுங்கள். அங்கே கட்டத்தின் அகலம் 2.67 செ.மீ., மூன்று கட்டம் 8 செ.மீ. காலடி 4இல், தலை 12இல். 6 செ.மீ. கோட்டில் கட்டம் 2 செ.மீ., ஆள் 6 செ.மீ. தலை மறுபடியும் 12. தூரம் போகப் போகப் பாதங்கள் மேலே ஏறும், தலைகள் ஒரே கோட்டில் நிற்கும். அதுவரை புனிதர் பெரியவர், படத்துக்குக் காசு கொடுத்தவர் சிறியவர் என்று தகுதி பார்த்து உருவத்தின் அளவை வைப்பது வழக்கம். இனி ஆளை வரையும் முன்பே அவனுடைய உயரத்தைத் தரை சொல்லிவிடும். முதலில் இடம், அப்புறம்தான் மனிதர்கள். மாற்றம் என்றால் எனக்கு இதுதான் மாற்றம். கோடுகள் குவிவது அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

ஆனால் அளந்து வரைந்தவர்கள் எல்லோரும் எல்லாவற்றிலும் இதற்குக் கட்டுப்பட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஆல்பெர்ட்டி எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1427 வாக்கில், ஃபிளாரன்ஸின் சான்டா மரியா நொவெல்லா ஆலயச் சுவரில் ஓவியர் மசாச்சியோ ‘திரித்துவம்’ வரைந்தார். ஒரு மண்டபத்துக்குள் சிலுவையில் கிறிஸ்து, பின்னால் பிதாவாகிய கடவுள். அளந்து கீறிய கோடுகள் சாந்தில் இன்னமும் தெரிகின்றன. மறையும் புள்ளி சிலுவையின் அடியில், நின்று பார்ப்பவரின் கண்ணளவில். மண்டபத்துத் தரையும் ஏறக்குறைய அதே மட்டம் என்பதால் தரை நமக்குத் தெரிவதே இல்லை, ஆழத்தைக் கூரையின் கட்டங்களை வைத்துத்தான் கணக்கிட முடியும். கணக்கிட்டால் பிதா இடிக்கிறார். அவர் நிற்கும் மேடை பின்சுவரோடு இருக்கிறது, கைகளோ முன்னால் இருக்கும் சிலுவையைத் தாங்குகின்றன. ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிதாவையும் கிறிஸ்துவையும் அண்ணாந்து பார்த்த கோணத்திலும் மசாச்சியோ குறுக்கவில்லை. கட்டடத்துக்கு ஒரு நியாயம், கடவுளுக்கு ஒரு நியாயம் என்று அவர் தெரிந்தே செய்தார் என்பது என் கட்சி.

உங்களுக்கு ஒன்று. கண்ணின் தூரத்தைக் குறைத்துவிடாதீர்கள். இதே படத்துக்கு 8 செ.மீ. வைத்தால் முதல் வரிசையே 4 செ.மீ. உயரம் வந்து, தரை உங்கள் மடியில் சரிந்து விழுவதுபோல் ஆகிவிடும். 48 வைத்தால் முதல் வரிசை 0.92தான், தரை அமைதியாகப் படுத்திருக்கும். 24கூட என் கண்ணுக்குக் கொஞ்சம் கிட்டம்தான். மூன்றையும் போட்டு, மூலைவிட்டத்தோடு அனுப்புங்கள். மூலைவிட்டம் இல்லாமல் வந்தால் பார்க்கமாட்டேன்.