மல்டியில் 460, சிங்கிளில் 150: ஒரே லைனில் ஏன் இரண்டு எண்?

கேள்வி: "அண்ணா, இங்கே வந்து 500 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் போட்டிருக்கிறேன். லினக்ஸ் லேப்டாப், கேபிள் வழியாகத்தான் இணைத்திருக்கிறேன். ஊரில் உள்ள ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்து ஸ்பீட்டெஸ்ட் ஓட்டினால் `Multi`-யில் 460 வருகிறது, `Single`-இல் 150தான். ஊர் ஆபீஸ் சர்வரிலிருந்து `sftp`-யில் ஃபைல் இறக்கினால் நொடிக்கு 13 மெகாபைட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. எந்த எண்ணை நம்புவது? கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறானா?"

ஏமாற்றவில்லை, தம்பி. இரண்டு எண்ணும் உண்மைதான், ஆனால் இரண்டும் அளப்பது வேறு வேறு பொருள். `Multi` ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, எல்லாவற்றின் வேகத்தையும் கூட்டிச் சொல்கிறது. அது பெரும்பாலும் உங்கள் லைனின் கொள்ளளவு. `Single` ஒரே ஒரு டிசிபி இணைப்பு, அந்தக் குறிப்பிட்ட சர்வரிலிருந்து, அந்தத் தூரத்துக்கு, எவ்வளவு இழுக்கிறது என்று காட்டுகிறது. சர்வர் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் நமக்கு வேண்டிய சர்வர்களில் பாதி ஊரிலேயே இருக்கின்றன.

தூரம் எப்படி வேகத்தைக் குறைக்கிறது என்பதைப் பார்ப்போம். டிசிபி கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிக்கொண்டே இருக்காது. கொஞ்சம் அனுப்பும், "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராமலேயே எவ்வளவு வரை அனுப்பி வைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அதைத்தான் விண்டோ என்கிறார்கள். ஒரு போய்வரும் நேரத்துக்குள் ஒரு விண்டோ அளவுதான் போக முடியும். ஆகவே ஓர் இணைப்பின் உச்ச வேகம், விண்டோவைப் போய்வரும் நேரத்தால் வகுத்தால் கிடைப்பது. அந்த நேரம்தான் `ping` காட்டும் எண்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஊர் 8,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வர நேர்க்கோட்டிலேயே 80 மில்லிநொடி ஆகும். கடலடிக் கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவே ரவுட்டர்களும் உண்டு. உங்களுக்கு 150 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். லைனை முழுசாக நிரப்ப வேண்டுமானால், 500 மெகாபிட் வேகத்தில் 0.15 நொடிக்கு ஓடும் தகவல் எப்போதும் வழியிலேயே இருக்க வேண்டும். அது 75 மெகாபிட், அதாவது 9 மெகாபைட்டுக்குச் சற்று மேல். லினக்ஸில் பல ஆண்டுகளாக இருந்த வழக்கமான அமைப்பில், பெறும் பக்கம் ஓர் இணைப்புக்கு உச்சமாக 6 மெகாபைட்தான் ஒதுக்கும். அதிலும் ஏறக்குறைய பாதிதான் விண்டோவாக எதிர்ப்பக்கத்துக்கு அறிவிக்கப்படும். மூன்று மெகாபைட்டை 0.15 நொடியால் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 20 மெகாபைட், அதாவது 160 மெகாபிட். உங்கள் 150 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

`Multi`-யில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி விண்டோ. நான்கு இணைப்பு இருந்தாலே 12 மெகாபைட் வழியில் இருக்கலாம், லைன் நிரம்பிவிடும். லைன் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான், காத்திருக்கும் கைகள்தான் கூடுதல்.

இன்னொரு காரணமும் உண்டு, அது விண்டோவை விட மோசமானது: பாக்கெட் இழப்பு. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிடும். இன்று பரவலாக ஓடும் க்யூபிக் என்ற முறை ஒரே அடியில் 30 சதவீதம் குறைத்து, அப்புறம் மெதுவாக ஏற்றும். தூரம் அதிகமானால் ஏறுவதற்கும் அதிக நேரம். தனி இணைப்பு என்றால் அந்த 30 சதவீதமும் மொத்தத்திலிருந்து போகிறது. எட்டு இணைப்பு இருந்தால் அடி வாங்குவது ஒன்று, மற்ற ஏழும் பாட்டுக்கு ஓடும், மொத்தத்தில் 4 சதவீதம்கூடக் குறையாது. அதனால் `Multi` சோதனை லைனில் உள்ள சிறு கோளாறுகளை நன்றாக மறைத்துவிடும். எனக்கு அதன் மேல் இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்.

எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, நகரத்துக்குள்ளேயே உள்ள ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்து `Single` ஓட்டுவது. கேபிளில் ஓட்டுகிறீர்கள், நல்லது. வைஃபையில் ஓட்டினால் நீங்கள் அளப்பது வைஃபையைத்தான். பக்கத்து சர்வரில் சிங்கிளும் 450 வாக்கில் வந்தால் லைன் சுத்தம், ஊர் சர்வரில் வரும் 150 வெறும் தூரமும் விண்டோவும்தான். பக்கத்திலும் சிங்கிள் 150 வாக்கிலேயே நின்று, மல்டி மட்டும் 480 காட்டினால் கதை வேறு. பத்து மில்லிநொடித் தூரத்துக்கு 500 மெகாபிட்டை நிரப்ப 0.6 மெகாபைட் விண்டோ போதும், அதனால் விண்டோ மேல் பழி போட முடியாது. பாக்கெட் எங்கோ தொலைகிறது என்று அர்த்தம்.

ஒரு நண்பர் வீட்டில் இதை நேரில் பார்த்தோம். பக்கத்து சர்வரில் மல்டி 490, சிங்கிள் 140க்கும் 150க்கும் இடையே. இணைப்பு கொடுத்த நிறுவனம் மல்டி எண்ணைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றது. பத்தாயிரம் பாக்கெட்டில் ஒன்று தொலைந்தால் போதும், பத்து மில்லிநொடித் தூரத்தில் ஓர் இணைப்பு 140 மெகாபிட் வாக்கில் மாட்டிக்கொள்ளும் என்பது 1997-இல் மேத்திஸும் கூட்டாளிகளும் தந்த சூத்திரத்தின்படி வரும் கணக்கு. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் சாதாரண `ping`-இல் நூறு முறை தட்டிப் பார்த்தாலும் கண்ணில் படாது. அதனால் `iperf3` ஓட்டினோம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் `iperf3` ஓடும் ஒரு சர்வர் வேண்டும், பொதுவில் திறந்து வைத்திருப்பவர்கள் உண்டு.

```
iperf3 -c SERVER -R -t 20
iperf3 -c SERVER -R -t 20 -P 8
```

முதல் வரி ஒற்றை இணைப்பு, இரண்டாவது எட்டு. `-R` போட்டால் சர்வர் நமக்கு அனுப்பும், அதாவது டவுன்லோட் அளவு. முடிவில் `sender` என்று முடியும் வரியில் `Retr` என்ற பத்தியில் எத்தனை முறை திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது என்று வரும். எட்டு இணைப்பில் `[SUM]` வரியைப் பார்க்க வேண்டும். நண்பர் வீட்டில் ஒற்றை இணைப்பிலேயே `Retr` அதிகமாக வந்தது, வேகம் ரம்பப் பல் போல மேலும் கீழும் ஆடியது. ரவுட்டருக்கும் சுவர்ப் பெட்டிக்கும் இடையே இருந்த கேபிளை மாற்றியதும் `Retr` ஒன்றிரண்டில் நின்றது, சிங்கிள் 470க்கு வந்தது. கொஞ்சம் `Retr` இருப்பது கோளாறு அல்ல, லைன் நிரம்பும்போது ஓரிரண்டு தொலைவது சகஜம். லைன் நிரம்பாமலேயே தொலைகிறதா என்பதுதான் கேள்வி.

நடுவில் ஒன்று. பக்கத்து சர்வரிலேயே சிங்கிளை நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். ஒரு முறை 450, அடுத்த முறை 90, மறுபடி 440 என்று தாவினால், குற்றம் உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். பெரிய நெட்வொர்க்குகளில் இரண்டு இடங்களுக்கு நடுவே பல கேபிள்களை இணையாகப் போட்டிருப்பார்கள். ஓர் இணைப்பின் ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்து அது எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று கணக்கிட்டு, முடியும் வரை அதிலேயே விடுவார்கள். அவற்றில் ஒன்று நெரிசலாக இருந்தால், அதில் விழுந்த இணைப்புக்கு மட்டும் அடி. இதையும் மல்டி மறைத்துவிடும். புகார் கொடுப்பதானால் மாலை நேரத்தில் எடுத்த சிங்கிள் எண்களையும் நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். மல்டியை மட்டும் காட்டினால் அவர்கள் சிரித்துவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

இப்போது உங்கள் 13 மெகாபைட்டுக்கு வருவோம். சிங்கிள் சோதனை 150 மெகாபிட் என்றால் நொடிக்கு 18, 19 மெகாபைட் வர வேண்டும், `sftp` அதையும் எட்டவில்லை. காரணம், `sftp` ஓடுவது எஸ்எஸ்ஹெச் மேல். டிசிபி விண்டோவுக்கு மேலே எஸ்எஸ்ஹெச் தனக்கென்று ஒரு விண்டோ வைத்திருக்கிறது. ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் அது 2 மெகாபைட். `sftp`-யின் பழைய பதிப்புகளும் வழக்கமாக 32 கிலோபைட் கோரிக்கைகள் 64-ஐத்தான் ஒரே நேரத்தில் வெளியே விடும், அதுவும் 2 மெகாபைட். இரண்டு மெகாபைட்டை 0.15 நொடியால் வகுத்தால் நொடிக்கு 14 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் 13 அதுவேதான். நாளைக்கே 1,000 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினாலும் இந்த ஃபைல் ஒரு நொடிகூட முன்னதாக வராது, காசு கொட்டாதீர்கள்.

டிசிபி விண்டோவின் உச்சத்தை நீங்கள் கூட்டலாம் (`net.ipv4.tcp_rmem`), ஆனால் அனுப்பும் பக்கத்துக்கும் அதேபோல வரம்பு உண்டு, ஆபீஸ் சர்வரை நாம் தொட முடியாது. எஸ்எஸ்ஹெச்சின் விண்டோவோ அப்படியே நிற்கும். அதைவிட எளிது, ஃபைலைத் துண்டுகளாகப் பிரித்துப் பல இணைப்பில் இறக்குவது. அதாவது மல்டி சோதனை செய்வதை நீங்களே செய்வது:

```
lftp -e "set sftp:max-packets-in-flight 64; pget -n 6 backup.tar; quit" sftp://USER@SERVER
```

ஆறு இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி விண்டோ. `lftp` வழக்கமாக 16 கோரிக்கைகளைத்தான் ஒரே நேரத்தில் வெளியே விடும், அதனால்தான் முதலில் 64 என்று கூட்டியிருக்கிறேன். 500 லைனுக்கு நொடிக்கு 60 மெகாபைட்டுக்குச் சற்று மேல்தான் எல்லை, ஆறைத் தாண்டிப் போவதில் பெரிய லாபம் இல்லை. ஆபீஸ் சர்வர் ஒரே ஆளிடமிருந்து வரும் இணைப்புகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தால் சில இணைப்புகள் மறுக்கப்படும், அப்போது 3 என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் விபிஎன் வழியாகப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தை அவ்வளவு பலிக்காமல் போகலாம். விபிஎன் டிசிபி மேல் ஓடினால் உங்கள் ஆறு இணைப்பும் ஒரே இணைப்புக்குள் அடைபட்டு வரும், பழையபடி ஒரே விண்டோதான். யுடிபி மேல் ஓடும்படி அமைக்க முடியுமா என்று ஆபீஸ் நெட்வொர்க் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.