வீடு மாறியாச்சு, வங்கியில் எந்தக் காகிதத்தை ஏற்றுவது? உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேஒய்சி புதுப்பிப்பு பற்றித்தான், அதிலும் வீடு மாறினவர்கள்தான் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் முழுசாக எழுதி அனுப்பியவர்கள் இனி அப்படிச் செய்யாதீர்கள். பதில் சொல்ல எனக்கு அது தேவையே இல்லை.

அண்ணா, சொந்த ஊர் கோபி பக்கம், ஆதாரில் அந்த விலாசம்தான். இப்போது திருப்பூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வந்தது. ஆப்பில் வீட்டுக்காரர் பேரில் இருக்கும் ஈபி பில்லை ஏற்றினேன், நிராகரித்துவிட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தை ஏற்றினேன், அதற்கும் அதே கதி. வேறு என்னதான் வேணுமாம்? (திருப்பூர்)

தம்பி, இந்தக் கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்காரர் பேரில் இருக்கும் பில் வீட்டுக்காரர் அங்கே இருப்பதற்குத்தான் அத்தாட்சி. உங்கள் பெயரே அதில் இல்லாதபோது வங்கி அதை வைத்து என்ன செய்யும்? ரிசர்வ் வங்கியின் பட்டியலில் முழு ஆவணங்கள் என்று இருப்பவை ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம், அவ்வளவுதான். இவற்றில் புது விலாசம் இல்லாதவர்களுக்கு இடைக்கால ஏற்பாடாகச் சில காகிதங்களை அனுமதித்திருக்கிறார்கள். மின்சாரம், தண்ணீர், போஸ்ட்பெய்டு போன், குழாய் கேஸ் பில்கள், வீட்டு வரி ரசீது, அரசு ஓய்வூதிய ஆணை, அரசோ பெரிய நிறுவனமோ ஊழியருக்குக் குடியிருப்பு ஒதுக்கிய கடிதம். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே பத்திரத்தில் போட்ட ஒப்பந்தம் இந்தப் பட்டியலில் கிடையாது.

பில் உங்கள் பேரிலேயே இருந்தாலும் அது இரண்டு மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. நம் ஊரில் ஈபி கணக்கெடுப்பே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது பழைய பில்லை ஏற்றினால் அதைப் பார்க்கும் அலுவலர் மேசைக்குப் போவதற்குள் காலாவதி ஆகிவிடும், புது பில் வரும்வரை பொறுத்து ஏற்றுங்கள். அப்படி ஏற்றினாலும் மூன்று மாதத்துக்குள் புது விலாசம் உள்ள முழு ஆவணம் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும், இதை யாரும் கவனிப்பதே இல்லை.

இப்போது என் பழைய மனக்குறைக்கு வருகிறேன். எட்டுக் குடும்பம் இருக்கிற லைன் வீட்டில் இணைப்பு மொத்தமும் வீட்டுக்காரர் பேரில்தான் இருக்கும், வரி ரசீதும் அவர் பேரில்தான். பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவருக்குத் தன் பேரில் ஒரு பில் எந்தக் காலத்திலும் வராது. அவரிடம் போய் "அட்ரஸ் ப்ரூஃப் ஏற்றினால்தான் அடுத்த பக்கம்" என்று திரை அடம்பிடித்தால், கையில் கிடைத்ததை ஏற்றத்தான் செய்வார். கிளைக்குப் போனாலும் கவுண்டரில் "வாடகை ஒப்பந்தம் கொண்டு வாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிறார்கள், கொண்டு போனால் செல்லாது என்கிறார்கள். விதி இவ்வளவு கெடுபிடி இல்லை. விலாசம் மட்டும் மாறியிருந்தால் வாடிக்கையாளரின் சுய அறிவிப்பே முதல் படி என்றுதான் விதி சொல்கிறது. பதிவு செய்த மொபைல், மின்னஞ்சல், நெட்பேங்கிங், ஆப், ஏடிஎம், கடிதம், எதன் வழியாகவும் கொடுக்கலாம். அதை இரண்டு மாதத்துக்குள் சரிபார்ப்பது வங்கியின் வேலை. ஆவணம் கேட்பதற்கும் வங்கிக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. கேட்கிறவர்கள் எது செல்லும் என்று சரியாகச் சொல்லிக் கேட்கட்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஆதாரில் இருக்கும் மொபைல் எண்ணும் வங்கியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இருந்தால் ஆப்பில் கேஒய்சி புதுப்பிப்புக்குள் போய் "முகவரிச் சான்று ஏற்றுக" என்பதை விட்டுவிட்டு ஆதார் ஓடிபி வழியைத் தேர்ந்தெடுங்கள். ஓடிபி போட்டதும் கோபி விலாசம் திரையில் வரும். அதன் கீழே, தற்போதைய விலாசம் வேறா என்று கேட்கும் கட்டத்தில் ஆம் என்று குறித்துத் திருப்பூர் விலாசத்தை அடியுங்கள். இந்த வழியில் சொல்லும் தற்போதைய விலாசத்துக்கு வங்கி தனியாக உறுதிப்படுத்தத் தேவையில்லை என்று விதியிலேயே இருக்கிறது, எந்தக் காகிதமும் ஏற்ற வேண்டாம். இரண்டு எண்ணும் வேறு வேறாக இருந்தால் முதலில் எண்ணைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் ஓடிபி வழி நடக்காது. சில ஆப்களில் இந்த வழியே வைத்திருக்க மாட்டார்கள். அப்போது வீடியோ கேஒய்சி இருக்கிறதா பாருங்கள், அதுவும் இல்லையென்றால் அந்த வங்கியின் ஏதாவது ஒரு கிளைக்கு நேரில் போங்கள். கணக்கு கோபியில் இருக்கிறது என்பதற்காக பஸ் ஏற வேண்டாம், திருப்பூர் கிளையிலேயே செய்து கொடுக்க வேண்டும்.

சுய அறிவிப்பு கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து "முகவரி உறுதியாகவில்லை" என்று வருகிறது. விலாசம் சரியாகத்தானே கொடுத்தேன்? (பெருந்துறை)

நீங்கள் கொடுத்த விலாசத்தைக் கடிதத்தில் பார்த்தேன். "3/112, தோட்டத்துச் சாலை, பெருந்துறை." இதை வைத்துத் தபால்காரர் எந்தத் தோட்டத்துக்குப் போவார்? சுய அறிவிப்பு வந்தால் வங்கி அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் போடும், அல்லது ஆள் அனுப்பும். கடிதம் திரும்பி வந்தால் விலாசம் உறுதியாகவில்லை என்றுதான் பதிவாகும். தோட்டத்து வீடு என்றால் ஊர்ப் பெயர், அஞ்சல் நிலையப் பெயர், பின்கோடு மூன்றும் வேண்டும், தோட்டத்துக்காரர் பெயரையும் எழுதுங்கள். லைன் வீட்டில் இருப்பவர்களும் அப்படியே, காம்பவுண்டுக்காரர் பெயரும் எத்தனையாவது வீடு என்பதும் இல்லாமல் கடிதம் வந்து சேராது. திரையில் முதல் வரிக்கு முப்பது, நாற்பது எழுத்துதான் இடம் இருக்கும், மிச்சத்தை இரண்டாம் வரியில் அடியுங்கள், சுருக்கிவிடாதீர்கள். வீட்டில் பகலில் யாரும் இல்லையென்றால் தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இப்போது அறிவிப்பை முழு விலாசத்தோடு மறுபடி கொடுங்கள்.

ஆதாரிலேயே புது விலாசம் மாற்றிவிட்டேன். பிடிஎஃப் ஏற்றினால் கோப்பு திறக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். (கரூர்)

கடவுச்சொல்லோடு ஏற்றியிருப்பீர்கள். இ-ஆதார் பிடிஎஃபைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் போட்டு, பிறந்த வருஷத்தையும் சேர்க்க வேண்டும். அந்தப் பூட்டோடு போனால் அங்கே யாராலும் திறக்க முடியாது. போனில் திறந்து, பிரிண்ட் கொடுத்து, "பிடிஎஃப் ஆகச் சேமி" என்று புதுக் கோப்பாக வைத்து அதை ஏற்றுங்கள். எண்ணில் கடைசி நான்கு மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் இருக்கிறது, வெறும் சான்றாக ஏற்றுவதற்கு அதுவே நல்லது. அட்டையைப் போட்டோ எடுத்து ஏற்றுகிறவர்கள் பின்பக்கத்தையும் எடுங்கள் ஐயா, விலாசம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது!

கல்யாணமாகி பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் வந்துவிட்டேன். ஆதாரில் இன்னும் அப்பா இனிஷியல், அப்பா வீட்டு விலாசம். வங்கியில் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றலாமா? (தாராபுரம்)

அம்மணி, விலாசத்துக்கு ஒரு வழி, பெயருக்கு வேறு வழி. இனிஷியல் மாறினால் வங்கி அதைப் பெயர் மாற்றமாகத்தான் பார்க்கும், சுய அறிவிப்பு அதற்குப் போதாது. பழைய பெயரில் இருக்கும் ஆவணத்தோடு அரசு கொடுத்த திருமணப் பதிவுச் சான்றிதழைச் சேர்த்தால் அது செல்லும். பத்திரிகையும் மண்டபத்து ரசீதும் செல்லாது. உங்கள் விஷயத்தில் ஆதாரை முதலில் சரிசெய்வதுதான் சுலபம். கணவர் ஆதாரில் தாராபுரம் விலாசம் இருந்தால், குடும்பத் தலைவர் வழியாக விலாசம் மாற்றும் வசதி ஆதார் தளத்திலேயே உண்டு. உறவைக் காட்டத் திருமணச் சான்றை ஏற்ற வேண்டும், கணவர் முப்பது நாளுக்குள் தன் போனில் சம்மதம் கொடுக்க வேண்டும். அவர் அதை மறந்துவிட்டால் விண்ணப்பம் ரத்தாகிவிடும், நினைவுபடுத்திக்கொண்டே இருங்கள். பெயரை ஆதார் மையத்தில் மாற்றிக்கொண்டு, இரண்டும் அட்டையில் வந்த பிறகு வங்கிக்குப் போங்கள். ஒன்றை இன்றும் ஒன்றை அடுத்த மாதமும் மாற்றினால் இரண்டு தடவை அலைச்சல்.

ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர் புத்தகம், வேறு வங்கியின் பாஸ்புக், இவற்றில் எது செல்லும்? (நாமக்கல்)

மூன்றும் செல்லாது. பட்டியலில் இருப்பது குழாய் கேஸ் பில், சிலிண்டர் இல்லை. ரீசார்ஜ் செய்கிற போனுக்குப் பில்லே கிடையாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை, எனக்கு மட்டும் இரண்டு வருஷத்திலேயே கேட்கிறார்கள். ஏன்? (ஈரோடு)

உங்களை அதிக ரிஸ்க் பிரிவில் வைத்திருக்கிறார்கள். குறைவு என்றால் பத்து வருஷம், நடுத்தரம் எட்டு, அதிகம் இரண்டு. வங்கி அதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் எந்தப் பிரிவு என்று கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

"இன்றிரவு கணக்கு முடங்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது. செய்யலாமா? (அவிநாசி)

செய்யாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வருகிறது. கேஒய்சிக்காக எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் ஆப் கோப்பு அனுப்பாது. வங்கியின் ஆப்பை நீங்களாகத் திறந்து உள்ளே போங்கள், லிங்கைத் தொட்டுப் போகாதீர்கள். கெடு முடிவதற்கு முன் மூன்று முறையாவது வங்கி தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கெடு தாண்டினாலும் மறுபடி மூன்று நினைவூட்டல் உண்டு. குறைந்த ரிஸ்க் கணக்கு என்றால் ஒரு வருஷம் வரை பரிவர்த்தனையை நிறுத்த மாட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக எதுவும் முடங்காது. ஆனால் வீடு மாறியதைச் சொல்லாதவர்களுக்கு அந்தக் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும், அதனால் ஆவணத்தில் விலாசம் மாறினால் முப்பது நாளுக்குள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

ஏற்றி முடித்துவிட்டேன். முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? (சத்தியமங்கலம்)

இரண்டு தடவை தகவல் வர வேண்டும். வாங்கிக்கொண்டோம் என்று தேதியோடு ஓர் ஒப்புகை, பதிவில் மாற்றிவிட்டோம் என்று தேதியோடு இன்னொன்று. முதலாவது வந்ததும் முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டாவது வராவிட்டால் பத்து நாள் கழித்து ஆப்பில் சுயவிவரப் பக்கத்தில் எந்த விலாசம் இருக்கிறது என்று பாருங்கள். பழையதே இருந்தால் ஒப்புகை எண்ணைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் கேட்டால் பதில் நிற்காது.

நானும் அம்மாவும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. நான் செய்தால் போதுமா? (காங்கயம்)

போதாது. கேஒய்சி ஆளுக்கு ஆள் தனி. அம்மாவும் அவருடைய ஆதாரை வைத்துத் தனியாகச் செய்ய வேண்டும்.